அளவு நோட்டில் இருந்த எண்கள்

மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கஞ்சத்தனத்தால் அல்ல. அந்தப் படியேறுகிறவர்களில் பாதிப் பேர், ஏறுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டியவர்கள், புழுவெட்டு வந்தவர்கள், காரணமே தெரியாமல் வழுக்கை விழுந்த பெண்கள். அவர்களுக்கு விக் செய்து கொடுப்பதுதான் கடையை நடத்திய அம்மாவின் தொழில்.

கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர் முடியம்மா. "முடியம்மாகிட்ட 'முடியாது'ங்கிற பேச்சே கிடையாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முடியம்மாவிடம் ஒரு தடித்த அளவு நோட்டு இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். தலைச் சுற்றளவு, நெற்றியிலிருந்து பிடரி வரை எத்தனை அங்குலம், முடியின் நிறம், ஓரத்தில் கைப்பேசி எண். விக் தயாரானதும் கூப்பிடுவதற்காக வாங்கிய எண்.

விக்குக்கான ஷாம்பு, ஒட்டுநாடா, உள்ளே போடும் வலைத்தொப்பி இதெல்லாம் புதிதாக வந்தால் சொல்லியனுப்ப, கைப்பேசியின் செய்திச் செயலியில், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்திருந்தார். அதில் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டுச் சேர்த்தது. "தள்ளுபடி வந்தா மெசேஜ் அனுப்பட்டுமாம்மா?" என்பார். சரி என்றால், அவர்கள் கைப்பேசியில் தன் எண்ணைச் சேமிக்கச் சொல்வார். இரண்டு மாதத்துக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். யாராவது பதில் போட்டால் அவருக்கு மட்டும் வரும். பட்டியலில் இன்னார் இருக்கிறார் என்பது இன்னொருவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. புதிதாகத் திறந்த ஒரு சிகிச்சை மையம் உள்ளேயே விக் விற்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் தம்பி உதவிக்கு வந்தான். கைப்பேசி உதிரிபாகக் கடை வைத்து மூடியவன். அக்கா மேல் உயிர். கை மட்டும் பரபரவென்று இருக்கும்.

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, முந்நூறு நம்பர் இதுல தூங்குது. நீ நாப்பத்தி மூணு பேர் காதுல மட்டும் கிசுகிசுத்துட்டு இருக்க" என்றான்.

"அவங்க வேணும்னு சொன்னவங்கடா."

"மத்தவங்க வேண்டாம்னு சொன்னாங்களா?"

முடியம்மாவுக்கு அந்தக் கேள்வி சரியில்லை என்று பட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரே ஒருவர்தான் படியேறியிருந்தார். "பாத்து செய்" என்று சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டார்.

ஒரு லிஸ்டில் இருநூற்று ஐம்பத்தாறு பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், தம்பி நோட்டில் இருந்த எல்லாரையும் இரண்டு லிஸ்டாகப் போட்டான். அனுப்பினான். பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கடை எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். தம்பி சளைக்கவில்லை. போகாத ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக அதே செய்தியை ஒட்டி அனுப்பினான். முதலில் வாரம் மூன்று முறை. பிறகு 'தள்ளுபடி மாதம்' என்று சொல்லித் தினமும். பதில்கள் வந்து குவிந்தபோது, சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று ஒலியையும் அணைத்து வைத்தான்.

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒரு பெண் படியேறி வந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் விக் செய்துகொண்டு போனவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் எதுக்கு நம்பர் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"விக் ரெடியானதும் கூப்பிடறதுக்கு."

"கூப்பிட்டீங்க. வந்து வாங்கிட்டுப் போனேன். அதோட முடிஞ்சுது இல்லையா?"

முடியம்மா நோட்டில் அவள் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"அவருக்குத் தெரியும். அவங்க அம்மாவுக்குத் தெரியாது. நேரம் பாத்து நானே சொல்லணும்னு இருந்தேன். சாப்பாட்டு மேஜையில போன் சார்ஜ்ல கிடந்துச்சு. 'உங்கள் விக்குக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி'ன்னு பளிச்சுன்னு திரையில வருது. அத்தைதான் எடுத்துப் பாத்தாங்க."

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாலு நாளா ஒண்ணுமே சொல்லல. என் தலையத்தான் பாக்குறாங்க. அதுக்கு முன்னாடியே நிறுத்துங்கன்னு ரெண்டு தடவ பதில் போட்டேன். யாராவது பாத்தீங்களா? மறுநாளும் வந்துச்சே."

"தப்புதாம்மா. என் தப்புதான்."

"யார்கிட்ட எப்ப சொல்றதுன்னு நான்தான முடிவு பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டாள்.

முடியம்மா கைப்பேசியை எடுத்துப் பதில்களைத் திறந்தார். 'நிறுத்துங்க', 'நீங்க யாரு', 'என் நம்பர் எப்படிக் கிடைச்சுது'. ஒருவர் எழுதியிருந்தார்: 'என் மனைவி போன மாதம் இறந்துவிட்டாள். அவளுக்கு இனி எதுவும் வேண்டாம்.' முடியம்மா அதைப் படித்துவிட்டு இரண்டு லிஸ்டையும் அழித்தார்.

தம்பி வந்ததும் பதில்களை அவனிடம் நீட்டினார். அவன் படித்தான். முகம் விழுந்துவிட்டது. "வியாபாரம் பெருகணும்னுதான்க்கா..." என்று இழுத்தான்.

"உன்ன மட்டும் சொல்லிப் புண்ணியமில்லடா. போன எடுத்துக் கொடுத்த கை என்னோடதுதான்."

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. மறுநாள் காலை அந்த எண்ணில் செயலி திறக்கவில்லை. கணக்கு முடக்கப்பட்டதாக ஒரு வரி மட்டும். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் கீழேயே 'தடு', 'புகார் செய்' என்று இரண்டு பொத்தான் இருக்கும். எத்தனை பேர் அழுத்தினார்களோ. மறுபரிசீலனை கேட்டு எழுதினார்கள். பலனில்லை.

அன்று சாயங்காலம், சிகிச்சையில் இருந்த ஒரு நடுவயதுப் பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறாள். வரலாமா என்று அவள் காலையிலேயே கேட்டு அனுப்பிய செய்தி வந்து சேரவே இல்லை. மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் முடியம்மாவுக்குத் தெரிந்தது. முடியம்மாவே அவள் வீடு தேடிப் போய், தயாராக இருந்த விக்கைப் பொருத்திவிட்டு வந்தார்.

புது சிம் வாங்கினார். "நம்பர் மாறிடுச்சுன்னு எல்லாருக்கும் ஒரே ஒரு மெசேஜ் மட்டும் தட்டிவிடட்டா?" என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். முடியம்மா அவனை ஏறிட்டுப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் எண்ணைச் சொன்னார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக இரண்டு வரி சேர்த்தார்: கூப்பிட மட்டுமா, தள்ளுபடியும் சொல்லலாமா. பதிலைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். செய்தியில் விக் என்ற சொல்லே வராது, 'புதிய பொருட்கள் வந்திருக்கின்றன' என்பதோடு சரி. கடைசி வரியில், 'வேண்டாமென்றால் நிறுத்து என்று அனுப்புங்கள்.' அப்படி அனுப்பியவர்களை அன்றே எடுத்துவிட்டார். வருஷக் கடைசியில் லிஸ்டில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். வியாபாரம் பழைய நிலைக்கு வரவில்லை. வாடகைக்குத் திண்டாடாமல் ஓடியது.

டீச்சர் திரும்ப வரவே இல்லை. அவள் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி அனுப்ப முடியம்மாவுக்குக் கை பரபரக்கும். ஒருமுறை எழுதியும் விட்டார். அந்தப் போன் இப்போது எந்த மேஜையில் கிடக்கிறதோ, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று தோன்றியது. மன்னிப்பும் அவள் கேட்காத செய்திதானே.

எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, நோட்டில் அந்த எண்ணின் மேல் எண் தெரியாதபடி மையால் அடித்தார். அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.