வெள்ளிக்கிழமை தீர்ந்த தொக்கு

திருப்பதியில் ஒரு சின்ன ஊறுகாய்க் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அங்கே தமிழ் எழுத வேறு ஆள் இல்லாததால், ஃபேஸ்புக்கில் தமிழ்ப் பதிவு போடும் வேலையும் என்னிடம் வந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போன ஊர்ப் பிள்ளைகளும் வாங்குவார்கள் என்பதால் அவர்களுக்காக முதலாளியக்கா ஆங்கிலத்தில் போடுவார்.

எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஆங்கிலத்தில் கொஞ்சம் கேலி இருக்கலாம். தமிழில் கடையில் பேசுவதுபோல் மரியாதையாக எழுத வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்க்கக் கூடாது. தப்பு செய்தால் எழுத்து வேலை போய்விடும் என்ற பயத்தில் தினமும் அதைப் படிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாங்காய்த் தொக்கு தீர்ந்தது. அக்கா ஆங்கிலத்தில் ‘தொக்கு இல்லை’ என்று அப்படியே போட்டுவிட்டார். தமிழில் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமையில் எந்தக் கடைக்காரர் இல்லை என்பார்? ‘வருது’ என்றுதான் சொல்வார். ‘தொக்கு வருது, வாங்க’ என்று எழுதினேன்.

மறுநாள் சூளூர்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் ரயிலேறி வந்துவிட்டார், கையில் இரண்டு காலி டப்பாவோடு.

“இன்னாம்மா, வாங்கன்னு கூப்ட்டுட்டு முழிச்சிக்கினு நிக்கிற?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தாளைக் காட்டினேன்.

“கடையில பேசுற மாதிரி எழுதுன்னீங்களேக்கா. கடையில இப்டித்தான சொல்வாங்க.”

“அவ சொல்றதும் நாயந்தான்,” என்றார் பெரியவர். “எலுமிச்சையாவது போடு.”

அவர் போனதும் அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார். தாளின் அடியில் நானே எழுதினேன்: பேச்சு மாறலாம், சரக்கு இருக்கா என்பது இரண்டு மொழியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழில் ‘இல்லை’ என்று சொல்லாமல், ‘தொக்கு தீர்ந்தது, செவ்வாய்க்கிழமை வாங்க.’