நாற்பத்து நான்காயிரம்

சிதம்பரம் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு, அக்டோபரிலிருந்து செம்மண்டலத்தில் எங்கள் வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்தேன். கடையில் சம்பளம் பன்னிரண்டாயிரம். மார்ச் மாதம் கேக்கில் அந்த அளவாவது லாபம் காட்டாவிட்டால் திரும்பக் கடைக்கு. இது வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சு.

ஜனவரி பிறந்ததும் அவர் கணக்குப் போட்டார். விற்பனை அக்டோபரில் இருபத்தெட்டாயிரம், நவம்பரில் இருபத்தாறு, டிசம்பரில் அறுபத்தாறு. மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"மூணுல வகுத்தா நாப்பது. பத்து பர்சன்ட் சேத்துக்க, மாசம் நாப்பத்தி நாலு. நூத்துக்கு நாப்பது நிக்குது, லாபம் பதினேழாயிரத்தி அறுநூறு" என்றார்.

கேட்கவே குளிர்ந்தது. கிறிஸ்துமஸ் இருக்கிற டிசம்பரைச் சேர்த்து வகுத்தால் எவனுக்கும்தான் குளிரும். அதை எடுத்துவிட்டால் மாதம் இருபத்தேழு, லாபம் பதினோராயிரம்கூட வராது. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது, இனி ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். அந்த நாட்களில் எங்கள் சர்ச் பங்கில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், பிறந்தநாளைக்கூட கேக் இல்லாமல் அடக்கிவிடுவார்கள். எனக்கு ஆர்டர் கொடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயில்காரர்கள். பிறந்ததிலிருந்து தவக்காலம் இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

நாற்பத்து நான்கை எட்டியாக வேண்டுமே. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்குத் துண்டு கேக் போட ஒத்துக்கொண்டேன். துண்டு எட்டு ரூபாய். முட்டை, மைதா, கேஸ், பஸ் சார்ஜ் எல்லாம் போக எனக்கு நிற்பது ஐம்பது காசு. விடியும் முன்பே அடுப்பு, பிறகு மடியில் பெட்டியோடு பஸ். யாராவது பிறந்தநாள் கேக் கேட்டாலும் செய்ய நேரமில்லாமல் போனது.

மார்ச் விற்பனை நாற்பத்தைந்தாயிரம். அதில் துண்டு கேக் மட்டும் முப்பத்திரண்டாயிரம்.

"பாத்தியா, டார்கெட்ட தாண்டிட்ட. ஏப்ரல்ல இருந்து அம்பது வச்சிக்கலாமா?" என்றார் அவர்.

"வேணாங்க. டீக்கடைய நிறுத்திட்டு முப்பது வைங்க. நம்ம ஆர்டர் மட்டும் முப்பது வந்தா பன்னெண்டு நிக்கும். இனி ஈஸ்டர் முடிஞ்சா புள்ளைங்க புதுநன்மை விருந்து, கல்யாணம்லாம் வருது."

"நாப்பத்தஞ்சு வித்துட்டு முப்பதா? அப்ப இந்த மாசம் லாபம் எவ்ளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐம்பதாயிரத்தை எட்ட இன்னும் துண்டு கேக் போட வேண்டும். "ஏழாயிரத்தி இருநூறு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஜவுளிக்கடைல உன் எடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கலியாம். போன வாரமே கேட்டு வச்சிட்டேன்."