சேனலுக்கு அப்பா பேர்

என் வீட்டுக்காரர் கேமரா முன்னால் நின்று பேசுவார் என்று யாராவது சொல்லியிருந்தால், போங்க, வேற வேலை இல்லையா என்று சிரித்திருப்பேன். வீட்டிலேயே வாயைத் திறக்காத மனுஷன். பெங்களூரு கோரமங்களா பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். காலையில் போவார், சாயங்காலம் வருவார், போட்டதைச் சாப்பிடுவார். ஆனால் என் அப்பா பக்கவாதம் வந்து ஈஜிபுராவில் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, குளிப்பாட்டியது, துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் அவர்தான். மாமனாருக்கு எந்த மருமகன் செய்வான்? பெத்த பொண்ணு நானே சில நாள் சலித்துக்கொண்டேன். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

முதலில் எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒரே பக்கமாகப் படுக்க வைத்து அப்பாவுக்கு இடுப்பில் புண் வந்துவிட்டது. கட்டுப் போட வந்த நர்ஸம்மா எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், முழங்காலுக்கு நடுவில் தலையணை வைக்கணும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்பா போன பிறகு ஒரு நாள் இவர் சொன்னார்: "அந்தப் புண்ணு வர்றதுக்கு முன்னாடியே யாராவது நமக்குச் சொல்லியிருந்தா? இன்னொரு வீட்ல அப்படி ஆகக் கூடாதும்மா. செஞ்சு காட்டி யூடியூப்ல வீடியோ போடலாமா?" அதற்காகத்தான் சேனல் ஆரம்பித்தோம், வேறு எதற்கும் இல்லை.

நான்தான் நோயாளி. கட்டிலில் கையைக் காலை ஆட்டாமல் படுத்துக்கொள்வேன். தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இவர் என்னைப் புரட்டிக் காட்டுவார். ஒருக்களிக்க வைத்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதுசை விரித்து, அந்தப் பக்கம் திருப்பி, பழையதை உருவி எடுப்பார். "கனமா இருந்தா என்னைத் திட்டாதீங்க" என்று நான் சொல்லிச் சிரித்ததில் பாதி வீடியோ வீணாகிவிடும்.

பேர் வைக்கிற இடத்தில்தான் கோட்டை விட்டோம். எங்கள் ஆட்களில் யாராவது போய்விட்டால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைப்போம் இல்லையா, அதே கைப்பழக்கம். சேனலுக்கு அப்பா பேரைப் போட்டு, பின்னால் 'நினைவு மீடியா' என்று சேர்த்தார். சேனல் படமாக மாலை போட்ட அப்பா போட்டோ. சேனலைப் பற்றி எழுதுகிற இடத்தில், 'மறைந்தும் எங்கள் மனதில் வாழும் தெய்வமே! கண்ணீருடன் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள்.' பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன்.

வீடியோ மேல் வீடியோ போட்டோம். பார்த்தது சித்தப்பா வீட்டு ஆட்கள் மட்டும். கீழே வந்த கருத்தெல்லாம் கும்பிட்ட கை, ஆழ்ந்த இரங்கல்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண் பிளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். உட்கார்ந்ததுமே கண் கலங்கினாள். அவள் மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டாராம், முதுகெல்லாம் சிவந்து கிடக்கிறதாம். "ஏய், நான் உனக்கு லிங்க் அனுப்பினேனே, பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"பார்த்தேனே அக்கா. உங்கப்பாவுக்கு திதி வீடியோன்னு நினைச்சேன். திறக்கக் கஷ்டமா இருந்துச்சு, கும்பிட்ட கை போட்டுட்டு விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. யாருக்காகச் செய்தோமோ அவளே வாசலோடு திரும்பிப் போயிருக்கிறாள். அந்த நிமிஷமே போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். போனை எடுத்துச் சேனலைத் திறந்து பார்த்தார். "பேரை மாத்திடலாம்மா. போட்டோவையும்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம்! "எங்கப்பா பேரு உங்களுக்குப் பாரமாயிடுச்சா? செத்தவரை இன்னொரு தடவை வெளியே தூக்கிப் போடணுமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூடக் குறைந்தது.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வாசலைக் காட்டினார். அங்கே தொங்குகிற என் போர்டில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறது: பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ் தைத்துத் தரப்படும். "அதுல உன் பேரும் இல்ல, மாமா பேரும் இல்ல. ஆனா தெரியாத ஆளு ரோட்ல நடந்துக்கிட்டே படிச்சுட்டுத் துணியோட உள்ளே வருதில்ல? மாமா பேரு நமக்கு உயிரு. ஊர் தள்ளி அத்திபெலேல இருக்கிற ஒருத்திக்கு அது யாரோ பேரும்மா."

சமையலறைக்குப் போய் வெங்காயமே இல்லாமல் அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, "சரி, தள்ளுங்க, நானும் பார்க்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் 'முதியோர் பராமரிப்பு ஆலோசனை மையம்' என்று எழுதினார். ஐயோ, இது என்ன அரசாங்க ஆபீஸா? யார் இப்படித் தேடுவார்கள்? அப்பா விழுந்த அன்றைக்கு நாம் என்ன சொன்னோம் என்று யோசிக்கச் சொன்னேன். 'படுத்த படுக்கையா இருக்கார்' என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். அந்த வார்த்தையைப் பேரில் வைக்க அவருக்குக் கை வரவில்லை, அபசகுனம் என்றார். "ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வர்றவங்களுக்கு இதுக்கு மேல என்ன சகுனம்?" என்றேன். பதினாலு நாளுக்குள் ரெண்டு தடவைதான் பேரை மாற்ற யூடியூப் விடும் என்பதால், நன்றாக யோசித்துத்தான் எழுதினோம்: 'படுத்த படுக்கை வீட்டுக் கவனிப்பு'. 'தமிழ்நாடு, கர்நாடகா' என்று அவர் பின்னால் சேர்த்ததை அடித்தேன். தேடும்போது பேர் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டிவிடும்.

மாலை போட்ட அப்பா இருந்த வட்டத்தில், விரிப்பு மாற்றிக் காட்டும் இவருடைய ரெண்டு கை. சின்ன வட்டத்திலும் கையும் கட்டிலும் தெளிவாகத் தெரிந்தது. விளக்கத்தில் முதல் வரி மட்டும்தான் வெளியே தெரியும், மீதி உள்ளே மடங்கிவிடும். அதனால் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொன்னோம்: 'எழுந்திருக்க முடியாதவரை வீட்டில் தனியாகப் பார்த்துக்கிறீங்களா? புரட்ட, குளிப்பாட்ட, விரிப்பு மாற்ற, தமிழில் செய்து காட்டுகிறோம்.' அதற்குக் கீழே அவரே ஒரு வரி எழுதினார்: 'டாக்டர் இல்லை. மாமனாரைப் பார்த்துக்கொண்ட மருமகன்.' படித்துவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

மறுநாள் தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த, எங்கள் வீட்டுக் கதை தெரியாத ஒரு அம்மாவிடம் போனைக் காட்டி உடனே திருப்பிக்கொண்டேன். "இது என்னன்னு தெரிஞ்சுதா?" அந்தம்மா, "ஏன், படுத்துக் கிடக்கிறவங்களைப் பார்த்துக்கிறதுதானே?" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஃபால்ஸ் வைத்ததற்குக் காசு வாங்கவில்லை.

கூட்டம் ஒன்றும் அள்ளிக்கொண்டு வந்துவிடவில்லை. ஒருத்தர் ரெண்டு பேராக வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் அப்படியே போனை என் பக்கம் தள்ளினார். சொந்தமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அண்ணா, எங்கம்மாவை உங்க வீடியோ பார்த்துத்தான் தனியா திருப்பினேன். முதுகு சிவப்பு குறைஞ்சிருக்கு. உங்க மாமனார் இப்ப எப்படி இருக்காங்க?'

மாலை போட்ட படம் இல்லாததால் அப்பா போய்விட்டது அவளுக்குத் தெரியவில்லை. என் அப்பா எப்படி இருக்கார் என்று ஒருத்தர் கேட்டு எவ்வளவு காலமாச்சு! இவர் கையில் பிசைந்த சோற்றோடு என்னையே பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினேன்: 'இப்ப அவருக்கு வலி இல்லம்மா. நீ அடுத்த ரெண்டு மணி நேரத்துல அம்மாவை அந்தப் பக்கம் திருப்பிடு.'