வணக்கத்துக்குக் கீழே புதைந்த வேண்டுகோள்

கிடங்குத் தொழிலாளர்களின் வாட்ஸப் குரூப்பில் யார் வணக்கம் போட்டாலும் ஷிப்ட் போடும் அக்கா அழித்துவிடுகிறாராம். புரளி கேண்டீனைத் தாண்டிவிட்டதால், பார்த்துவிடுவோமே என்று போனேன்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அக்கா மேஜை. போனில் வணக்கங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அவற்றை அழிக்கத் தனியாக ஒரு ஷிப்ட் போட வேண்டியிருக்கும்.

எதிரே நின்றவர் போர்க்லிப்ட் ஓட்டும் மீசை. மீசையை எடுத்து வெகுநாளாகிறது. பெயரை மட்டும் மழிக்க முடியவில்லை. வீட்டில் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. நாலு மணிக்குள் போய் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் இன்று நடக்காது. ஷிப்டோ இரண்டு மணிக்கு.

"காலையிலயே போட்டேனே அக்கா! ஊரே கும்பிட்டிருக்கு. ஒருத்தனும் வரேன்னு சொல்லல."

"கும்பிடாம என்ன செய்வாங்க? நீ ஆள் கேட்டதே யாருக்கும் தெரியாதேப்பா."

உண்மைதான். மீசை போட்ட செய்தியில் முதலில் வணக்கம், சிரமத்துக்கு மன்னிப்பு, அம்மா வழுக்கி விழுந்த கதை. ஆள் வேண்டும் என்பது கடைசி வரியில், ‘மேலும் படிக்க’வுக்கு அந்தப்பக்கம். அதன்மேல் குவிந்து கிடந்தவை மேனேஜரின் பிறந்தநாளுக்கு எல்லோரும் போட்ட கேக் படங்கள்.

"திருத்திடவா?"

"கால் மணி நேரம் தாண்டினா திருத்த விடாது. திருத்தினாலும் எவன் போனும் சத்தம் போடாது. புதுசா போடுவோம்."

அக்கா தட்டினார்: ‘இன்று இரண்டு மணி ஷிப்ட். போர்க்லிப்டுக்கு மாற்று ஆள் ஒருவர் உடனே தேவை. மீசை நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டும். வருபவர் "நான்" என்று மட்டும் எழுதவும்.’ கீழே, லைசென்ஸ் உள்ள, இன்று விடுப்பில் இருக்கும் மூவரின் பெயர்கள்.

"வணக்கம்கூட இல்லையே அக்கா. பிச்சைக்காரனே ‘அம்மா தாயே’ன்னுதான் ஆரம்பிக்கிறான்."

"அவன் தட்டை நீட்டிட்டுல்ல சொல்றான்!"

"அம்மா விழுந்தது?"

"வர்றவன்கிட்ட நேர்ல அழு."

அனுப்பி, எல்லோர் கண்ணிலும் படும்படி குரூப்பின் உச்சியில் ‘பின்’ குத்தி வைத்தார். முதலில் ஒரு கேக் வந்தது. பிறகு ‘என்னாச்சு?’ அப்புறம் ‘நான்’.

எழுதியவர் தராசு. எதையும் எடைபோட்டுத்தான் பேசுவார். வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டதிலிருந்து மீசையோடு அதுவும் இல்லை. வீடு ஊருக்கு வெளியே. அவர் கிளம்பி வந்து சேர்வதற்குள் மூன்றரை தாண்டிவிட்டது. அதுவரை வேலை பார்த்துக்கொண்டிருந்த மீசை, பாதி சரக்கு ஏற்றிய லாரியை அப்படியே விட்டு இறங்கி, அம்மா விழுந்த கதையைச் சொல்ல நேரமில்லாமல் ஓடினார்.

சாயங்காலம் அக்காவுக்கு மீசையிடமிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "அவன் போறதுக்குள்ள நாலு தாண்டிடுச்சாம். ஆபரேஷன் தியேட்டரை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம். இனி அடுத்த வாரந்தானாம். காலையிலயே என்கிட்ட காட்டியிருந்தா..."

மீசையின் அம்மா இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலியோடு.

அடுத்த வாரமும் மாற்று ஆள் வேண்டும். தராசு இன்று பார்த்துக் கொடுத்த ஷிப்டுக்குப் பதிலாகவே மீசை இன்னும் ஒரு ஷிப்ட் உழைத்துத் தரவில்லை. அடுத்த வாரமும் வந்தால் இரண்டையும் சேர்த்துத் திருப்பித் தருவதாக மீசை கேட்டதற்குத் தராசு, "யோசிச்சு சொல்றேன்" என்றிருக்கிறார்.