நாங்கள் மறைத்ததை நெஞ்சுத் தண்ணீர் சொன்னது

என் மாமியார் அந்தப் பொய்யைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவரைப் பதுளை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவர் மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். இரண்டு மாதமாகப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல், வறட்டு இருமல், வலது நெஞ்சில் குத்து. தோட்டத்து மருந்துக்காரர் முதுகில் குழாய் வைத்துக்கூடப் பார்க்காமல், சளி என்று பனடோல் மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளினார். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியபோதுதான் பஸ்ஸில் ஏற்றினேன்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே நீர் கட்டியிருக்கிறது என்றார் டொக்டரம்மா. நம்மைப் போலவே தமிழ் பேசும் இளம்பெண்.

"நீர் கட்டுறது நோயோட அடையாளந்தாம்மா. இதயம் பழுதானாலும் கட்டும், டிபியிலயும் கட்டும், புற்றுநோயிலயும் கட்டும். எதுன்னு தண்ணிய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா?"

"எங்க குடும்பத்துல அப்பிடி ஒண்ணுமே இல்லீங்க," என்றார் மாமியார்.

பச்சைப் பொய். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்களுக்கு அடுத்த காம்பிரா அறையில் இருக்கும் என் கணவரின் சித்தப்பாவுக்கு டிபி. எங்கள் அடுப்படியில்தான் அவருக்குச் சாப்பாடு. டவுன் கிளினிக்கில் மாத்திரை வாங்கியவர், உடம்பு தேறியதும் இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார். வெளியே கேட்டால் இழுப்பு என்போம். நாத்தனாருக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. டிபி என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

என் கணவரைத் தலையணையில் கவிழ்ந்தாற்போல உட்காரவைத்து, ஸ்கேனில் பார்த்துக் குறித்த இடத்தை மரத்துப்போகச் செய்து, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்கினார்கள். பால் விடாத வெளிறிய பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. சின்னப் போத்தல்களில் பிடித்து, அதே வேளையில் இரத்தமும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை வடிக்க மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டு, கட்டிலுக்குக் கீழே போத்தலில் இணைத்தார்கள். ஒன்றரை லீற்றர் வந்ததும் குழாயை அடைத்துவிட்டார்கள். ஒரேயடியாக எடுத்தால், சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்து வீங்கிவிடுமாம்.

அன்றைக்கு அவர் மல்லாந்து படுத்து மூச்சு விட்டார். மாமியாருக்கு அது போதுமாயிருந்தது.

"தண்ணிதான் போயிருச்சே. டிக்கட் வெட்டி அனுப்பச் சொல்லு புள்ள, வீட்டுக்குப் போவோம்."

"காரணம் தெரியாமப் போனா திரும்பவும் கட்டும்," என்று டொக்டரம்மா அதட்டினார். முதல் முடிவுகள் வந்திருந்தன. இரத்தத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் புரதம் அதிகம். அதனால் இதயக் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு, நெஞ்சுக்குள்ளேயே ஏதோ நோய் என்றார். இருபது வருடம் பீடி குடித்தவர், வீட்டில் டிபியும் இல்லை என்கிறீர்கள், ஆகவே புற்றுநோயையும் நினைக்கத்தான் வேண்டும் என்றார்.

தண்ணீரில் புற்றுநோய் அணு உண்டா என்ற பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தோம். மாமியார் வார்டு வாசலில் நின்று கைகூப்பி முணுமுணுத்ததைக் கேட்டேன். "எதுவா இருந்தாலும் இருக்கட்டும் சாமி, டிபியா மட்டும் இருக்கக் கூடாது." பெற்ற தாய்! புற்றுநோய் என்றால் கல்யாணம் நிற்காது, அதுதான் கணக்கு. அந்தக் கையைப் பிடித்து முறுக்கத் தோன்றியது.

முடிவு வந்தது. புற்றுநோய் அணுக்கள் இல்லை. டிபியில் பெருகும் வகை வெள்ளணுக்கள் நிறைய. டிபியில் கூடும் ஒரு நொதியும் மிக அதிகம். கிருமி மட்டும் தண்ணீரில் அகப்படவில்லை. பல வேளை அகப்படாதாம்.

"எல்லாம் டிபி பக்கந்தான் காட்டுது. இப்பவாவது சொல்லுங்க, வீட்டுல யாரு?"

"இவரு சித்தப்பா. மாத்திரைய பாதியில விட்டுட்டாரு," என்றேன். மாமியார் என் கையைக் கிள்ளினார். தட்டிவிட்டேன்.

டொக்டரம்மா கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார். "உங்களத் தனியாவும் கேட்டேனே?"

"தங்கச்சி கல்யாணம் நிக்கக் கூடாதுன்னுதாங்க..." என்று அவர் இழுத்தார்.

"சாகத் துணிஞ்சீங்க, ஒரு வார்த்த சொல்லத் துணியலயா?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். ஆறு மாத மாத்திரை, குணமாகும், ஆனால் வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலை சித்தப்பா, மாமியார், நாத்தனார், என் மகள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு பெரட்டுக்களம் வழியாகவே நடந்தேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம்.

"எங்க கூட்டமாக் கெளம்பிட்டீங்க?" என்றார் கங்காணி.

"டிபி இருக்கான்னு பாக்க!" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

பஸ்ஸுக்கு நின்றபோது, எங்கள் லயத்துப் பெண்கள் மூன்று பேர், கூடையும் கையுமாக, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவள் கேட்காதபடி என் காதருகே குனிந்து ஒன்றையேதான் சொன்னாள்.

"அக்கா, எங்க வீட்டுலயும் ஒருத்தரு இருமிக்கிட்டுத்தான் இருக்காரு."