நாற்பத்தாறு பக்கமும் ஒரு தாளும்

இசக்கிச்செல்விக்கு ஊர் களக்காடு. பாளையங்கோட்டை நர்சிங் பள்ளியில் எங்கள் வகுப்பில் அவளைப் போல் அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. விடுதியில் சோறு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "உப்பு கம்மி" என்பாள், அவ்வளவுதான். எங்களுக்கு அவள் என்றாலே இளக்காரம்.

எங்கள் ராணி சாலோமி. நாலு நிறப் பேனா, ஸ்கேல், தலைப்புக்கு அடியில் இரட்டைக்கோடு. மேடம் தும்மினால்கூட எழுதிக்கொள்வாள். பரீட்சை வந்தால் வகுப்பு மொத்தமும் அந்த நோட்டைச் சுற்றி ஈயாக மொய்க்கும். முதல் ஈ நான்தான்.

அந்த வாரம் எங்கள் வகுப்பு எலிசபெத்துக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்துவிட்டாள். திங்கள், செவ்வாய், புதன் என மூன்று வகுப்பு போய்விட்டது. அடுத்த திங்கள் செய்முறைத் தேர்வு. தேறினால்தான் வார்டுக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் ஒரு மாதம் பள்ளியில் குந்தியிருந்து மறுபடி எழுத வேண்டும். சனிக்கிழமை வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் அழுதுகொண்டே கேட்டாள்: "யாராவது நோட்டு அனுப்புங்கட்டி."

சாலோமி நாற்பத்தாறு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினாள். ஜயலக்ஷ்மி மேடம் தன் தங்கை கல்யாணத்தில் பாயசம் தீர்ந்த கதை சொன்னாரே, அதுவும் பச்சை மையில் இருந்தது. நாங்கள் இதயம் இதயமாகப் போட்டோம். காய்ச்சல்காரிக்கு அதைப் படிக்கத் தெம்பு இருக்குமா என்று ஒருத்திக்காவது தோன்றியதா? தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இசக்கிச்செல்வி ஒரே ஒரு தாளை அனுப்பினாள்.

"எலிசபெத், மூணு வகுப்பும் ஒரே விஷயம்தான். உடம்புக்குள்ள எவ்வளவு தண்ணி போகுது, எவ்வளவு வெளிய வருது. முதல்ல சார்ட்: டிரிப், குடிச்சது எல்லாம் உள்ள, மூத்திரம், வாந்தி எல்லாம் வெளிய. குத்துமதிப்பா எழுதாத, அளந்து எழுது. ரெண்டாவது சொட்டுக்கணக்கு: மொத்த மில்லியை, ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டோ அதால பெருக்கி, நிமிஷத்தால வகு. மணியை நிமிஷமா மாத்த மறக்காத. மூணாவது: ஊசி போட்ட இடம் வீங்கிச் சில்லுனு இருந்தா டிரிப்பை நிறுத்திட்டு சிஸ்டரைக் கூப்பிடு. முதல் நாள் மில்லிக்கு 15 சொட்டுன்னு போட்ட கணக்கு சும்மா உதாரணம். அது டிரிப் செட்டுக்குச் செட்டு மாறும், பாக்கெட்டைப் பாருன்னு புதன்கிழமை மேடம் சொன்னாவ. பாயசக் கதையை விட்டுட்டேன்."

நான் உடனே குரூப்பில் போட்டேன்: "ஏட்டி, இது நோட்டா, பலசரக்குச் சீட்டா?" எல்லோரும் சிரித்தார்கள். எலிசபெத் மட்டும் இசக்கிச்செல்வியிடம் தனியாக, "எப்படிட்டி இவ்வளவையும் இத்துனூண்டா எழுதுன?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவள் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "எங்க அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டு வருவேன். வீட்டுக்குப் போனா, வாழைத்தோட்டத்துல இருந்து அப்பதான் வந்த அம்மா வாசல்லயே கேப்பா: என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது, மறுபடி எப்ப போகணும். அதுக்கு மேல கேக்க அவளுக்குத் தெம்பு இருக்காது."

திங்கட்கிழமை. நாலு நாலு பேராக மேடம் அழைத்தார். எங்கள் நாலில் சாலோமி, நான், எலிசபெத், இசக்கிச்செல்வி. மேசையில் பிரிக்காத டிரிப் செட் ஒன்று கிடந்தது. "ஐந்நூறு மில்லி, நாலு மணி நேரம். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

சாலோமி நோட்டு எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே! பதினைந்தால் பெருக்கி, இருநூற்று நாற்பதால் வகுத்து, முப்பத்தொன்று என்று எழுதி ஜம்பமாக நிமிர்ந்தேன். சாலோமி எனக்கும் முன்பே எழுதி இரட்டைக்கோடு போட்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போன எலிசபெத் மேசையிலிருந்த பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. நாற்பத்திரண்டு என்று எழுதினாள். இசக்கிச்செல்வியும் பாக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அதையே எழுதினாள்.

"முப்பத்தொண்ணு வச்சா, நாலு மணி நேரத்துல இறங்க வேண்டிய பாட்டில் அஞ்சு மணி நேரம் தாண்டியும் தொங்கும்" என்றார் மேடம். "பாக்கெட்டைப் பாக்கணும்னு சொன்னேனே, எழுதலையா?"

"எழுதியிருக்கேன் மேடம்!" சாலோமி அழாக்குறையாக நோட்டைப் புரட்டினாள். "இதோ, முப்பத்தெட்டாம் பக்கம்!"

மேடம் நோட்டை வாங்கி முன்பக்கங்களைத் திருப்பினார். "அப்போ ஒன்பதாம் பக்கத்துல பதினைஞ்சு ஏன் இன்னும் அப்படியே இருக்கு? நோயாளி கிட்ட முப்பத்தெட்டாம் பக்கத்தைக் காட்டுவியாம்மா?"

எலிசபெத் வார்டுக்குப் போனாள். நானும் சாலோமியும் பள்ளியிலேயே குந்தினோம். வெட்கத்தை விட்டு, வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இசக்கிச்செல்வியிடம் போய், அன்றே என் போனிலிருந்து அழித்துவிட்ட அந்தத் தாளைக் கேட்டேன். குத்திக் காட்டுவாள் என்று பயந்தேன். அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் படிங்க" என்றாள். அவ்வளவுதான்.