அரை மணி நேரம் கொடுத்தும்

இந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு குணம். இளவழகனுக்கு ஒரு சொல் தொண்டையில் நின்றால் போதும், அதைப் பிடுங்கித் தாங்களே சொல்லிவிடுவார்கள். கண்டக்டர் செய்வார், டீக்கடைக்காரர் செய்வார், பெற்ற தாய் ராசம்மாளும் செய்வாள். "என்ற பையன் என்ன சொல்ல வாரான்னு எனக்குத் தெரியாதா?" என்று பெருமை வேறு! அதனால் எடப்பாடிப் பள்ளிக்கூடத்திலேயே அவன் ஒரு தந்திரம் பழகிக்கொண்டான். வராத சொல்லை விட்டுவிட்டு, வருகிற சொல்லைச் சொல்லிவிடுவான். காபி வராவிட்டால் டீ. காபி என்றால் உயிர். இருபத்தெட்டு வயது வரை குடித்ததெல்லாம் டீ.

வேலை பார்த்த, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் சும்மா இருந்த பிறகு, திருச்செங்கோட்டில் இன்னொரு ரிக் கம்பெனி ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டது. சேலத்தில் பேச்சுப் பயிற்சி தரும் அறிவுச்செல்வியிடம் ஆறு வாரம் போனான். அவரே மேனேஜராக உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கினார். "போன உடனே திக்கும்னு சொல்லிடுங்க, நேரம் கேளுங்க. சொல் நின்னா நிக்கட்டும். ஆனா மாத்திச் சொல்லிடாதீங்க."

நேர்காணலன்று முதலில் அதைத்தான் சொன்னான். மேனேஜர் பாலசுந்தரம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். "நிதானமா சொல்லுங்க. அடுத்த ஆளை அரை மணி நேரம் கழிச்சு வரச் சொல்லிட்டேனுங்க."

அப்படி ஒரு மனிதரை அவன் பார்த்ததே இல்லை. பேர் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. அவர் குறுக்கே பேசவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. உதிரிபாகங்கள் பற்றிய எல்லாக் கேள்விக்கும் திக்கித் திக்கியே சரியாகச் சொன்னான்.

"ஸ்டாக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தத் தெரியுங்களா?"

நான்கு வருடம் செய்த வேலை. ஸ்டோர்காரனுக்கு இது தெரியாதா என்று பயோடேட்டாவில் எழுதாமல் விட்டிருந்தான். 'தெ'யில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் காத்திருந்தார். மூச்சு முட்டியது.

"இல்லீங்க."

பாழாய்ப் போன வாய்!

"தெரியாதுங்களா? அவசரமில்லீங்க, யோசிச்சுச் சொல்லுங்க." பேனாவைக் கீழே வைத்துவிட்டே கேட்டார். மாற்றிச் சொல்லவும் அதே சொல்தான் வேண்டியிருந்தது. அவன் தெரியாது என்பதுபோலவே தலையை ஆட்டினான். அவர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தவன் வேப்பமரத்தடியில் நின்றான். "தெரியுங்க. நாலு வருசமா அதைத்தானுங்க செஞ்சேன்." தனியாக இருந்தால் எப்போதும் போல, ஒரு தடங்கலுமில்லை. திரும்பி ஓடினான். அடுத்த ஆள் உள்ளே போய்க் கதவு சாத்தியிருந்தது. அது அந்த ஆளுக்குக் கொடுத்த நேரமல்லவா? யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் ஆளில்லை.

போன் அடித்தது. அம்மா. "என்னாச்சு சாமி? அவசரப்படுத்தினாங்களா?"

"இல்லம்மா."

"வேலை குடுத்துருவாங்கல்ல?"

அவன் வாயைத் திறந்தான். சொல் நின்றது.

"குடுத்துருவாங்க, எனக்குத் தெரியும்" என்று அவளே முடித்தாள்.